எட்டில் மூன்று: பனியன் பட்டறையில் உபரி மதிப்பு

தொழிலாளி தன் கூலிக்கு ஈடான மதிப்பை உண்டாக்கி முடித்த பிறகும் வேலை தொடர்கிறது. அந்த மிச்ச நேரத்தில் அவர் உண்டாக்கும் மதிப்புக்கு உபரி மதிப்பு என்று பெயர். அதற்கு ஈடாக அவருக்கு எதுவும் வருவதில்லை; அது பட்டறை யாருடையதோ அவருக்குப் போகிறது. இப்படிப் போவதையே கார்ல் மார்க்ஸ் சுரண்டல் என்றார். 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதல் பாகத்தின் அச்சாணி இந்தக் கருத்துதான். பொருளாதாரமோ சமூகவியலோ படிக்க வருகிற முதலாண்டு மாணவர் இதைப் பற்றி ஒரு கட்டுரையாவது எழுத வேண்டியிருக்கும். அவற்றில் பல, “முதலாளி குறைந்த கூலி கொடுத்து ஏமாற்றுகிறார், அதுவே சுரண்டல்” என்ற இடத்திலேயே நின்றுவிடுகின்றன. மார்க்ஸின் கேள்வி வேறு. பேசிய கூலியைச் சனிக்கிழமை மாலை பைசா குறையாமல் எண்ணித் தருகிற முதலாளிக்கும் லாபம் வருகிறதே, அது எங்கிருந்து வருகிறது?

இதற்குத் தையல் பட்டறையைவிடத் தோதான உதாரணம் கிடைப்பது கடினம். துணி உள்ளே போவதும் சட்டை வெளியே வருவதும் கண்ணுக்குத் தெரியும். யார் எத்தனை உருப்படி தைத்தார் என்று எண்ணிவிடலாம். கூலி நாள் கணக்கிலோ உருப்படிக் கணக்கிலோ பேசப்படுகிறது. திருப்பூர்ச் சந்து ஒன்றில் இருபது பேர் வேலை செய்யும் சிறு யூனிட் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். வெட்டிய துணி கட்டுக்கட்டாகப் பவர் டேபிளுக்கு வருகிறது. ஓவர்லாக்கில் தோளும் கையும் பக்கவாட்டும் இணைகின்றன. பேட்லாக்கில் அடிமடிப்பு விழுகிறது. கைமடிப் பெண்கள் உருப்படியை எடுத்து மடித்து அடுத்த கைக்குத் தள்ளுகிறார்கள். செக்கிங், அயர்னிங், பேக்கிங் முடிந்து பெட்டி ஏறுகிறது. கீழே வரும் தொகைகள் கணக்கு எளிதாக வரவேண்டும் என்பதற்காக வைத்துக்கொண்டவை. சந்தை நிலவரமாக அவற்றை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு ஷிப்ட் எட்டு மணி நேரம். இருபது பேருமாகச் சேர்ந்து 800 டி-ஷர்ட் முடிக்கிறார்கள். சராசரியாக ஆளுக்கு 40. ஒரு சட்டைக்குத் துணி, நூல், லேபிள், பாலிதீன் பை எல்லாமாக 100 ரூபாய். மின்சாரம், ஊசி, எண்ணெய், மெஷின் தேய்மானம் சட்டைக்கு 6 ரூபாய். சட்டை 130 ரூபாய்க்கு விலை போகிறது. எல்லோருக்கும் ஒரே கூலி, ஷிப்டுக்கு 600 ரூபாய் என்று வைத்தால் ஒரு சட்டையின் மேல் 15 ரூபாய் விழும். நூறும் ஆறும் பதினைந்தும் சேர்ந்தால் 121. மீதி 9 ரூபாய்.

இந்த 9 ரூபாய் துணியிலிருந்து வந்திருக்க முடியாது என்பது வாதத்தின் முதல் படி. நூறு ரூபாய்க்கு வாங்கிய சரக்கு அதே நூறு ரூபாயைச் சட்டைக்குள் கொண்டுவருகிறது, கூடுதலாக எதையும் தருவதில்லை. மெஷினும் அப்படியே: தான் தேயும் அளவு மதிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சட்டைக்கு மாற்றுகிறது. இவற்றில் போட்ட பணத்தை மார்க்ஸ் மாறா மூலதனம் என்றார். அதன் மதிப்பு இடம் மாறுமே தவிர அளவு மாறாது என்பது பொருள். சட்டையில் புதிதாகச் சேர்ந்த மதிப்பு 130இலிருந்து 106ஐக் கழித்த 24 ரூபாய். அதைச் சேர்த்தவர்கள் மெஷினில் உட்கார்ந்தவர்களும் பக்கத்தில் நின்றவர்களும். கூலியாகப் போட்ட 15 ரூபாய் 24 ரூபாயாகத் திரும்பியதால் அந்தப் பகுதிக்கு மாறும் மூலதனம் என்று பெயர்.

பணத்தை நேரமாக மாற்றிப் பார்த்தால் விஷயம் துலங்கும். ஒருவர் ஷிப்டில் 40 சட்டைக்கு, சட்டைக்கு 24 ரூபாய் வீதம் 960 ரூபாய் புதிய மதிப்பைச் சேர்க்கிறார். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 120. அவருடைய கூலி 600 ரூபாய் ஐந்து மணி நேரத்தில் விளைந்துவிடுகிறது. காலை எட்டரைக்கு உட்கார்ந்து, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கு எழுந்தவர், மதியம் இரண்டரை மணிக்கே தன் கூலிக்கான வேலையை முடித்துவிட்டார். ஆனால் இரண்டரைக்கு மணி எதுவும் அடிப்பதில்லை. மெஷின் அதே சத்தத்தில் ஓடுகிறது, அதே தோள் அதே கையோடு சேர்கிறது. ஐந்தரை வரைக்குமான அந்த மூன்று மணி நேரத்தில் விளையும் 360 ரூபாய்தான் உபரி மதிப்பு. முதல் ஐந்து மணி நேரம் அவசிய உழைப்பு நேரம், பிந்தைய மூன்று மணி நேரம் உபரி உழைப்பு நேரம். உண்மையில் இரண்டும் கடிகாரத்தில் முன்பின்னாகப் பிரிந்து கிடப்பதில்லை; ஒவ்வொரு சட்டையிலும், ஒவ்வொரு நிமிடத்திலும் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் கலந்திருக்கின்றன. இரண்டரை மணி என்பது புரிவதற்காக இழுத்த கோடு.

இந்தக் கோட்டைப் பண்ணையடிமை முறையில் கண்ணால் பார்க்க முடிந்தது. வாரத்தில் சில நாள் தன் நிலத்தில், சில நாள் பிரபுவின் நிலத்தில் என்று வேலை பிரிந்திருந்ததால், எது தனக்கு, எது பிரபுவுக்கு என்பது அவனுக்குத் தெரியும். கூலி முறை அந்தக் கோட்டை அழித்துவிடுகிறது. எட்டு மணி நேரத்துக்கு 600 ரூபாய் என்று சொன்னதும் எட்டு மணி நேரத்துக்கும் கூலி கிடைத்தது போலத் தோன்றிவிடுகிறது. இது முதலாளி செய்த தந்திரம் அல்ல; கூலி என்ற வடிவமே அப்படித்தான் தோற்றம் தரும் என்றார் மார்க்ஸ்.

அடுத்த படியில்தான் மாணவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். தொழிலாளி விற்பது உழைப்பையா? உழைப்பை விற்றார், அதற்குச் சரியான விலை கிடைத்தது என்றால் 960க்கு 960 கிடைத்திருக்க வேண்டும். உபரிக்கு இடமே இல்லை. கிடைக்கவில்லை என்றால் வியாபாரத்தில் ஏமாற்று நடந்தது என்று ஆகும். இந்த இரண்டுங்கெட்டான் நிலையிலிருந்து வெளியே வர மார்க்ஸ் கண்ட வழி, விற்பனைக்கு வந்த சரக்கு உழைப்பு அல்ல, உழைப்புச் சக்தி என்பது. ஒரு ஷிப்டுக்கு வேலை செய்யும் திறனைத் தொழிலாளி விற்கிறார். அந்தத் திறனைப் பயன்படுத்தி எத்தனை சட்டை எடுப்பது என்பது வாங்கியவர் பாடு. உழைப்புச் சக்தியின் விலையும், அது உழைக்கும்போது உண்டாக்கும் மதிப்பும் இரு வேறு தொகைகள். முன்னது 600, பின்னது 960.

இந்த வேறுபாடு மார்க்ஸுக்கே எடுத்த எடுப்பில் பிடிபட்டுவிடவில்லை. 1849இல் பத்திரிகையில் வெளிவந்த ‘கூலி உழைப்பும் மூலதனமும்’ தொடரில் தொழிலாளி உழைப்பை விற்கிறார் என்றே எழுதியிருந்தார். 1891இல் அதைத் தொழிலாளர்களுக்காகப் புதிதாகப் பதிப்பித்த எங்கெல்ஸ், உழைப்பு என்ற இடத்தில் உழைப்புச் சக்தி என்று திருத்தி, இது வெறும் சொல்விளையாட்டு அல்ல என்று முன்னுரையில் விரிவாக விளக்கினார். ஆசிரியரே பின்னால் மாற்றிக்கொண்ட இடம் என்பதால் முதலாண்டு மாணவர் இதில் தடுமாறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்படியானால் 600 என்ற தொகை எப்படி வருகிறது? நாளைக் காலையும் அதே ஆள் அதே தெம்போடு மெஷின் முன் வந்து உட்கார என்னென்ன வேண்டுமோ அவற்றின் விலைதான் உழைப்புச் சக்தியின் மதிப்பு. லைன் வீட்டு வாடகை, அரிசி பருப்பு, பஸ் கட்டணம், பிள்ளைகளின் பள்ளிச் செலவு, ஓவர்லாக் பழகக் கைமடியாக நின்ற மாதங்கள், இன்றைக்கு போன் ரீசார்ஜ் உட்பட எல்லாம் அதில் அடங்கும். பிள்ளைகளின் செலவு ஏன் சேர்கிறது என்றால், இன்றைய தொழிலாளி ஓய்ந்த பிறகும் மெஷினுக்கு ஆள் வேண்டும். எவ்வளவு இருந்தால் போதும் என்பது ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறும். பழக்கமும் போராட்டமும் சேர்ந்து முடிவு செய்யும் அளவு அது. இதிலிருந்து ஒரு கிளைக் கேள்வியும் பிறக்கிறது. ரேஷன் அரிசி இலவசமாகக் கிடைக்கும் இடத்தில், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு ஆள் மட்டும் வந்து தங்கும் இடத்தில், அந்தச் செலவில் ஒரு பகுதியை அரசோ கிராமமோ சுமக்கிறது. அதன் பலன் தொழிலாளியின் கையில் நிற்கிறதா, குறைந்த கூலியாகப் பட்டறைக்குப் போகிறதா என்பது ஒரு நல்ல கட்டுரை தொட்டுவிட்டுப் போக வேண்டிய விஷயம்.

சுரண்டல் என்ற சொல் தமிழில் சூடானது. அடாவடி, பிடுங்கல், கொடுமை எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மார்க்ஸின் கணக்கில் அது ஒரு விகிதம்: உபரி மதிப்பைக் கூலியால் வகுத்தது. 360ஐ 600ஆல் வகுத்தால் 60 சதவீதம். கூலியை 700 ஆக்கினால் உபரி 260, விகிதம் 37 சதவீதமாக இறங்கும். ஆனால் சுரண்டல் ஒழிந்துவிடாது. 960 கொடுத்தால் ஒழியும், பட்டறையும் மூடப்படும். ஆகவே நல்ல முதலாளி, கெட்ட முதலாளி என்ற பிரிவினை இங்கே உதவாது. பேசிய கூலியில் பிடித்தம் செய்வது, முன்பணம் கொடுத்துக் கட்டிப்போடுவது போன்றவை உண்மையான அநியாயங்கள்தான். ஆனால் அவை இந்தக் கணக்குக்கு மேல் வரும் கூடுதல். அவற்றைக் காட்டிச் சுரண்டலை விளக்கினால், அவை இல்லாத பட்டறையில் சுரண்டல் இல்லை என்று ஆகிவிடும்.

யூனிட் உரிமையாளரிடம் 60 சதவீதம் என்று சொன்னால் சிரிப்பார். அவருடைய நோட்டில் இருப்பது வேறு எண். நாளுக்குச் சரக்கு 80,000, மின்சாரம் தேய்மானம் 4,800, கூலி 12,000, ஆக 96,800 ரூபாய் போட்டு 1,04,000 எடுக்கிறார். மிச்சம் 7,200. நூற்றுக்கு ஏழரை கூட இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. அவர் போட்ட பணம் முழுவதற்கும் வகுக்கிறார். அது லாப விகிதம். உபரி விகிதம் கூலிக்கு மட்டும் வகுக்கிறது. ஒரே 7,200 ரூபாய்தான், கீழே போடும் எண் வேறு. முதலில் போட்ட கேள்வி வேறு என்பதால் வகுக்கும் எண்ணும் வேறாகிறது: போட்ட பணம் எவ்வளவு பெருகியது என்பது ஒன்று, உழைத்த நாள் இரு தரப்புக்கும் இடையே எப்படிப் பிரிந்தது என்பது இன்னொன்று.

அந்த 7,200உம் அவர் பைக்கு முழுதாகப் போவதில்லை. கட்டட வாடகை, வங்கி வட்டி, பில் பணம் வர மாதக்கணக்கில் தாமதமாவதால் வெளியே வாங்கிய கடனின் வட்டி, வரி எல்லாம் அதிலிருந்தே போகின்றன. மாணவர்கள் வாடகையையும் வட்டியையும் மின்சாரத்தோடு சேர்த்துச் செலவில் எழுதிவிடுவது வழக்கம். கணக்குப்பிள்ளைக்கு அது சரி. மார்க்ஸுக்கு அவை உபரி மதிப்பின் பங்குகள். தொழிலாளி உண்டாக்கியதைப் பட்டறைக்காரரும் இடத்துக்காரரும் கடன்காரரும் பிரித்துக்கொள்ளும் விதம். உரிமையாளர் தானே கட்டிங் மாஸ்டராக நின்று துணி வெட்டினால் அந்த வேலையும் மதிப்பைச் சேர்க்கிறது, அதற்குரிய கூலியை 7,200இலிருந்து தனியே எடுத்து வைக்க வேண்டும். சிறு யூனிட்டுகளில் பலரும் இப்படித்தான் இருக்கிறார்கள் என்பதால் இதைச் சொல்லாமல் விட்ட கட்டுரை ஊர் தெரியாத கட்டுரையாகிவிடும்.

உபரியைப் பெருக்க முதல் வழி நேரத்தை நீட்டுவது. “டார்கெட்டை முடிச்சுட்டுக் கிளம்புங்க” என்று அரை மணி நேரம் கூலியில்லாமல் ஓடினால் 60 ரூபாய் கூடுகிறது. உபரி 420, விகிதம் 60இலிருந்து 70க்கு ஏறிவிடுகிறது. திருப்பூரின் ஒன்றரை ஷிப்ட் பழக்கம் சற்று வேறு மாதிரி. பன்னிரண்டு மணி நேரம் வேலை, 900 ரூபாய் கூலி. சேர்த்த மதிப்பு 1,440, உபரி 540. கூலியும் அதே வீதத்தில் ஏறியதால் விகிதம் 60 சதவீதத்திலேயே நிற்கிறது. ஆனால் உபரியின் மொத்தத் தொகை ஒன்றரை மடங்காகிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்று வகுத்தது. அதன்படி அந்த நான்கு மணி நேரத்துக்கு 600 ரூபாய் தர வேண்டும். அதில் விளையும் புதிய மதிப்போ 480தான். ஒன்றரை ஷிப்ட் ஏன் ஒற்றை வீதத்திலேயே கணக்கிடப்படுகிறது என்பதற்கு இந்தக் கணக்கு ஒரு காரணத்தைக் காட்டுகிறது.

நேரத்தைப் பற்றிய சண்டை பழையது. ‘மூலதனம்’ நூலில் வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில் வரும் மேரி ஆன் வாக்லி, லண்டனில் பெரிய இடத்துப் பெண்களுக்கு ஆடை தைத்துத் தந்த ஒரு தையலகத்தில் வேலை செய்தவர். அரண்மனை நடன விருந்துக்கான ஆடைகளை முடிப்பதற்காக இருபத்தாறரை மணி நேரம் இடைவிடாமல் தைத்து, 1863இல் தன் இருபதாவது வயதில் இறந்தார். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

நேரத்தை நீட்ட முடியாதபோது வேகம் கூடுகிறது. பட்டறைக்காரர் நூலைத் தானே அறுக்கும் புது மெஷின் வாங்குகிறார். ஆளுக்கு 40 சட்டை 50 ஆகிறது. மற்ற யூனிட்டுகள் இன்னும் பழைய மெஷினில் இருக்கும்வரை சட்டையின் விலை 130தான். சட்டைக்கு 24 வீதம் ஆளுக்கு 1,200 ரூபாய் வருகிறது; கூலி 600 போக உபரி 600, விகிதம் 100 சதவீதம். இந்தப் பொற்காலம் நீடிப்பதில்லை. ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து எல்லோரிடமும் அதே மெஷின் வந்ததும் எட்டு மணி நேர உழைப்பின் 960 ரூபாய் 50 சட்டைகளில் பரவுகிறது. ஒரு சட்டையில் சேரும் மதிப்பு 19 ரூபாய் 20 பைசா. சரக்கும் தேய்மானமும் மாறாமல் 106 என்றே வைத்தால் விலை 125 ரூபாய் 20 பைசாவுக்கு இறங்குகிறது. உபரி பழையபடி 360. முந்திக்கொண்டவர் சாப்பிட்டது போக, மற்றவர்களுக்கு மெஷின் கடன் மட்டும் மிச்சம். இன்னமும் பழைய மெஷினில் ஓட்டுபவர் நிலை இன்னும் மோசம்: அவருடைய ஆட்களின் ஒரு ஷிப்ட் 40 சட்டைக்கு 768 ரூபாயாகத்தான் எண்ணப்படும். ஒரு பட்டறையில் உண்மையில் செலவான நேரம் மதிப்பை முடிவு செய்வதில்லை. அந்தத் தொழிலில் சராசரியாகத் தேவைப்படும் நேரமே முடிவு செய்கிறது என்று மார்க்ஸ் சொன்னதன் பொருள் இதுதான்.

பீஸ் ரேட்டில் வேலை செய்பவர் இந்தக் கதையைத் தன் நோட்டிலேயே படிக்கலாம். சட்டைக்கு மொத்தம் 15 ரூபாய் என்பது ஓவர்லாக்குக்கு இவ்வளவு, பேட்லாக்குக்கு இவ்வளவு என்று பிரிந்திருக்கும். புது மெஷின் வந்த வாரம் 50 சட்டைக்கு 750 ரூபாய் கிடைத்தது. பிறகு ரேட் பேச்சு வருகிறது. 15 ரூபாய் 12 ஆகிறது. ஐம்பது பன்னிரண்டு அறுநூறு. வேகமாகத் தைத்தால் கூடச் சம்பாதிக்கலாம் என்று நம்பித் தைத்த கை, பத்துச் சட்டை கூடுதலாகத் தைத்துப் பழைய கூலியிலேயே வந்து நிற்கிறது. உருப்படிக் கூலி என்பது நேரக் கூலியின் வேறு வேடம் என்று மார்க்ஸ் ஒரு தனி அத்தியாயமே எழுதியிருக்கிறார். மேஸ்திரி விரட்ட வேண்டிய வேலையைத் தொழிலாளி தானே தன்மேல் செய்துகொள்வது இதில் பட்டறைக்குக் கிடைக்கும் கூடுதல் வசதி.

இனி இந்தக் கணக்கின் எல்லைகள். சட்டை அதன் மதிப்புக்கே விற்கிறது என்று ஆரம்பத்திலேயே வைத்துக்கொண்டதால்தான் 130இலிருந்து 24ஐ நேராகப் பிரிக்க முடிந்தது. நிஜத்தில் விலையும் மதிப்பும் ஒட்டிப் போவதில்லை என்பதை மார்க்ஸே ஒப்புக்கொண்டார். எங்கெல்ஸ் 1894இல் வெளியிட்ட மூன்றாம் பாகம் அதை விளக்க முயல்கிறது. அந்த விளக்கம் முதல் பாகத்தோடு முரண்படுகிறது என்று ஆஸ்திரியப் பொருளியலாளர் போம்-பாவெர்க் 1896இல் தாக்கினார். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. உழைப்பு மட்டுமே மதிப்பை உண்டாக்குகிறது என்ற அடித்தளத்தையே ஏற்காதவர்களும் உண்டு. அவர்கள் பார்வையில் 9 ரூபாய் என்பது பணத்தை இன்று முடக்கிவைத்து நாளைவரை காத்திருந்ததற்கும், ஆர்டர் கைவிட்டுப் போகும் அபாயத்தைச் சுமந்ததற்கும் கிடைத்த ஊதியம். மார்க்ஸ் தரப்பின் பதில், காத்திருப்பதும் அபாயமும் 9 ரூபாய் யாருக்குப் போகிறது என்பதற்குக் காரணம் சொல்லலாம், அது எதிலிருந்து வந்தது என்பதற்குச் சொல்லாது என்பது. கட்டுரை எழுதுபவர் எந்தப் பக்கம் நின்றாலும் எதிர்ப்பக்கத்தை அதன் வலுவோடு எடுத்துச் சொல்ல வேண்டும். காத்திருப்புக்கு ஊதியம் என்ற வாதத்தைக் கேலி செய்துவிட்டு நகர்வது கட்டுரையின் பலவீனமான இடமாகத் தெரிந்துவிடும்.

உழைத்தவர் கைக்கே 960உம் முழுதாக வர வேண்டும் என்று மார்க்ஸ் கேட்டதாக எழுதுவதும் பிழை. 1875இல் ஜெர்மன் தொழிலாளர் கட்சியின் கோத்தா வேலைத்திட்டத்தை விமர்சித்தபோது, எந்தச் சமுதாயமானாலும் மெஷின் மாற்ற, பள்ளி நடத்த, முடியாதவர்களைத் தாங்க விளைச்சலில் ஒரு பகுதியைக் கழித்துத்தான் ஆக வேண்டும் என்று வாதிட்டவர் அவர். இருபது பேரும் கூட்டாக நடத்தும் கூட்டுறவுப் பட்டறையிலும் மூன்று மணி நேர உபரி இருக்கும். அதை என்ன செய்வது என்பதை அந்த இருபது பேர் உட்கார்ந்து தீர்மானிப்பார்கள்.

கடைசியாக ஒரு கணக்குப் பிழை, விடைத்தாளில் பார்ப்பதற்கு மிகக் கவர்ச்சியாக இருப்பது. இதே சட்டை கடல் தாண்டிப் போய் ஒரு பிராண்ட் லேபிளோடு 1,500 ரூபாய்க்கு விற்கிறது, தைத்தவருக்குக் கிடைத்தது 15, ஆகவே சுரண்டல் விகிதம் 9,900 சதவீதம் என்று எழுதுவது. அந்த 1,500க்குள் கப்பல் செலவும் கடை வாடகையும் விளம்பரமும் அந்த நாட்டுக் கடை ஊழியரின் கூலியும் இருக்கின்றன. சரக்குக்குப் போன நூறு ரூபாயும் இருக்கிறது. அந்த நூறுக்குள்ளேயே நூற்பாலை, நிட்டிங், சாயப்பட்டறைத் தொழிலாளர்களின் கூலியும் உபரியும் அடங்கியிருக்கின்றன. திருப்பூர்ப் பட்டறையில் உண்டான மதிப்பில் எவ்வளவு, விலைபேசும் வலிமையால் பிராண்ட் பக்கம் இழுக்கப்பட்டது என்பது நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு விடை காண, கடையில் தொங்கும் விலைச்சீட்டை 15ஆல் வகுத்தால் போதாது. பருத்திக் களத்திலிருந்து கடைப் பலகை வரை ஒவ்வொரு கட்டத்திலும் சேர்ந்த மதிப்பையும் கொடுத்த கூலியையும் தனித்தனியே எழுதியாக வேண்டும்.